நாலு படையா, மூன்று படையா

இஞ்சருங்கோ,

இன்று மகளின் வகுப்போடு மிருகக்காட்சிச்சாலைக்குப் போனேன். உதவிக்குத் தாய்மார் வேண்டுமென்று ரீச்சர் கேட்டிருந்தா. யானைக் கொட்டகைக்குக் கிட்டப் போனதும் நனைந்த வைக்கோலும் சாணமும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நீங்கள் யானைகளைப் பற்றிப் பேசிய அந்த அகதி விசாரணை அறைக்குள் மறுபடியும் போய் இருந்தது போல் இருந்தது. பக்கத்தில் நின்ற தாய் ஒருத்தி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு மாரி முடிந்துவிட்டது. அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

அதைத் தொடக்கி வைத்ததே நீங்கள்தான். இங்கே வந்திறங்கிய அன்று விமானநிலையத்தில் குடிவரவு அதிகாரி என்ன தொழில் என்று கேட்டான். சரித்திர வாத்தியார் என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். என்ன சரித்திரம் என்று அவன் சும்மா கேட்க, "பழந்தமிழ் அரசர்களின் படை. தேர், யானை, குதிரை, காலாள் எண்டு நாலு படை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த ஆம்பிளை, முதல் நாளே படை என்று வாயைத் திறந்தால் அவன் என்ன நினைப்பான்? அவன் எழுதியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"உங்களுக்கு வேறை சரித்திரமே கிடைக்கேல்லையோ?" என்று வெளியே வந்து சண்டை பிடித்தேன்.

"படிப்பிச்சதைத்தானே சொன்னனான்" என்றீர்கள்.

சான்றிதழ் எல்லாம் இடம்பெயர்ந்து ஓடிய வழியில் ஒரு பையோடு போய்விட்டது. நீங்கள் வாத்தியார்தான், ஆயுதம் தூக்கிய இயக்கக்காரர் இல்லை என்று காட்ட உங்கள் வாயைத் தவிர வேறொன்றும் இல்லை. உங்கள் வாயையோ நான் நம்பவில்லை. வோபர்னில் அந்த ஒற்றை அறை அப்பார்ட்மென்டில், விசாரணைக்கு உங்களைப் பழக்க, நான் நீதவானாக இருந்து கேள்வி கேட்பேன். லோயர் சொன்னபடி சுருக்கமாக மறுமொழி சொல்லவேண்டும். நீங்களோ தேத்தண்ணிக் கோப்பைகளை மேசையில் பரப்பத் தொடங்கிவிடுவீர்கள். முன்னுக்கு நிற்பது தூசிப்படை, பின்னுக்குக் கூழைப்படை. பக்கத்தில் கரண்டிகள் குதிரைகள். கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்கப்போகிறது என்று நான் கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

விசாரணை நாளில் தீர்ப்புச் சொல்லும் அந்த அம்மா எங்களுக்கு எதிரே இருந்தா. மெல்லிய குரல். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். என்ன படிப்பித்தீர்கள் என்று அவ கேட்க, "சோழர் காலப் படை மூண்டு கை. யானை, குதிரை, காலாள்" என்றீர்கள்.

அந்த அம்மா தாளைப் புரட்டினா. "விமானநிலையத்தில் நான்கு என்றீர்கள். இன்று மூன்று. எது உண்மை?"

கதை மாறினால் பொய் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு தேர் பிசகியதால் நாங்கள் கொழும்பு விமானநிலையத்தில் இறங்கப்போகிறோம் என்று நினைத்தேன். உங்கள் காலை மேசைக்குக் கீழே மிதித்தேன். நீங்கள் திரும்பியும் பார்க்கவில்லை.

"ரெண்டும் உண்மை" என்றீர்கள். சங்க காலத்துப் பாட்டுகளில் தேர் இருக்கிறது, அரசனும் பெரியவர்களும் அதில் போனார்கள். ஆனால் தேருக்குக் காய்ந்த சமநிலம் வேண்டும், வயல் சேற்றில் சில்லுப் புதைந்தால் அது வெறும் மரம். சோழர் கல்வெட்டுகளில் யானையாட்கள் வருகிறார்கள், குதிரைச் சேவகர், வில்லுக்காரர், வாள்காரர் என்று தனித்தனிக் கூட்டங்கள் வருகின்றன. தேர்ப்படை என்று ஒன்றைக் காணவில்லை. இடையிலே அது கோயில் வீதிக்குப் போய்விட்டது என்றீர்கள்.

அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டா. யானை எதற்கு என்று கேட்டா.

இனி உங்களை யார் பிடிப்பது? கோட்டைக் கதவை இடிக்க. கொம்பு நுனி உடையாமல் இரும்புப் பூண் போடுவார்கள். காட்டரணையும் அகழியையும் தாண்டித்தான் மதிலுக்கு வரவேண்டும், அதற்கு யானை வேண்டும். ஆனால் காயப்பட்ட யானை தன் ஆட்களையே மிதிக்கும், அதனால் பாகன் தேர்ந்தவனாக இருக்கவேண்டும். குதிரை கடல் வழியாகக் கப்பலில் வந்து இறங்குவது. விலை கூடியது, ஆகவே தொகை குறைவு. பக்கத்தால் பாய்வதற்கும் ஓடுகிறவனைத் துரத்துவதற்கும் அதுதான். மிச்சமெல்லாம் காலாட்கள். அரசனுடைய ஆட்கள் கொஞ்சம், அவனுக்குக் கீழான குறுநில மன்னர்கள் கூட்டிவரும் ஆட்கள் அதிகம். வேல், வில், வாள், தோல் கேடயம். அரசன் கையால் மோதிரமும் ஏனாதிப் பட்டமும் பெற்றவன் தலைவன். முரசு கேட்டால் நகரவேண்டும்.

"இத்தனை கூட்டத்தில் தன் பக்கத்து ஆளை எப்படி அடையாளம் காண்பார்கள்?"

"தலையிலை சூடினதைப் பாத்து. சேரருக்குப் பனை, சோழருக்கு ஆத்தி, பாண்டியருக்கு வேம்பு. நேருக்கு நேர் பொருதுகிற போர் எண்டால் ரெண்டு பக்கமும் தும்பைப்பூவும் வைப்பினம்."

மொழிபெயர்ப்பாளர் தும்பைக்கு இங்கிலீசு தெரியாமல் தடுமாறினார். அந்த அம்மா சிரித்தா. எனக்கும் மூச்சு வந்தது. அப்போதுதான் கேட்டா.

"உங்களிடம் போரைப் பற்றிப் படித்த மாணவர்கள் எத்தனை பேர் ஆயுதம் எடுத்தார்கள்?"

ஒருவரும் இல்லை என்றால் பொய் என்று அவவுக்குத் தெரியும். இருக்கிறார்கள் என்றால் நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்று ஆகிவிடும். லோயர் எழும்பப் பார்த்தார். நான் அப்பனே பிள்ளையாரே என்று கும்பிட்டுக்கொண்டு இருந்தேன்.

"வகுப்பிலை பெடியள் இருக்கிற வாங்கிலை இடம் வெறுமையாகும். எங்கை போறம் எண்டு அவங்கள் எனக்குச் சொல்லிப்போட்டுப் போறேல்லை" என்றீர்கள். "நான் தூசிப்படையைப் படிப்பிக்கேக்கை ஒண்டு சொல்லுறனான். முன்னுக்கு நிக்கிறவன்தான் முதல் சாகிறவன். போரிலை வெண்டால் அரசன்ரை பேர் பாட்டிலை வரும். இவனுக்கு வாய்ச்சால் ஒரு நடுகல், இல்லாட்டி அதுவுமில்லை. கேட்டவங்கள் கேட்டவங்கள். கேளாதவங்கள் போயிட்டாங்கள்."

அந்த அம்மா நெடுநேரம் எழுதினா. பிறகு அன்றைக்கே, அந்த மேசையிலேயே, ஏற்றுக்கொள்கிறேன் என்றா. நான் அழுதேன். நீங்கள் நன்றி மட்டும் சொன்னீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தீர்கள். ஸ்நோ கொட்டிக்கொண்டிருந்தது. சந்தோசமில்லையோ என்று கேட்டேன். "இஞ்சை பாரும், பயப்பிடாமல் கேளும்" என்று சொல்லிவிட்டு, அப்படிப் போன பெடியளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினீர்கள். வகுப்பு வரவு இடாப்பில் வரும் ஒழுங்கில், ஒவ்வொருவனும் எந்த வாங்கில் இருந்தான் என்பதோடு. முன்னால் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். நான் உங்கள் வாயைப் பொத்தினேன். கையை விலக்கிவிட்டு, மெல்லிய குரலில், கடைசிப் பெயர் வரை சொன்னீர்கள். அதற்குப் பிறகும் சமைக்கும்போது, உடுப்புத் தோய்க்கும்போது என்று எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். நான் கேட்க விரும்பாமலே அவை எனக்குப் பாடமாகிவிட்டன.

இன்று கொட்டகை வாசலில் மகள் என் கையைப் பிடித்து, "அம்மா, யூ ஓக்கே?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அவளுக்கு அந்தப் பெயர்களை இன்னும் சொல்லவில்லை. சிற்றிசன்சிப் இன்னும் வரவில்லை, அந்தப் பெடியளின் தாய்மார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அதனால் பயத்தில் இந்தக் கடிதத்திலும் ஒரு பெயரைக்கூட எழுதவில்லை. ஆனால் நீங்கள் போன பிறகு அவற்றை ஒழுங்காகச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான். காலையில் முகம் கழுவும்போது, தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, ஒருவனையும் விடாமல் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.