பெயரும் நட்சத்திரமும் இல்லாத மூன்றாவது ஆள்

ஆனி 4, வியாழன்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. கூட்டக் கூட்ட முற்றம் முழுக்கப் புழுதி. நாளைக்கு வெள்ளி. கோயிலில் பக்கத்து வீட்டுப் பரமேசு மச்சாள் பிடித்துக்கொள்வாள், "பிள்ளையள் எப்பிடி?" என்று. வாய் தவறாமல் சொல்ல வேண்டியவை:

நிரோசன், மகனின் மகன். சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது ஏ. ஒன்பதும்.

கீர்த்தி, அவனுடைய அக்கா. தாதிப் படிப்பு முடித்து வவுனியா ஆஸ்பத்திரியில். வெள்ளைச் சட்டையோடு படம் இருக்கிறது, காட்டலாம்.

கஜன், பேத்தியின் கணவர். விவசாயப் போதனாசிரியர். சிறுபோகக் கூட்டத்தில் மேடையில் பேசினார்.

த., பேத்தி. என் மகள் சாந்தியின் ஒரே பிள்ளை. கிளிநொச்சியில் கணக்கு ரீச்சர். அவள் வகுப்பில் இம்முறை ஒருவரும் பெயில் இல்லை.

த.வைப் பற்றி இவ்வளவும் போதும். மேலே ஒரு சொல் கூடாது.

விசயம் இதுதான். த. முழுகாமல் இருக்கிறாள். பதினொரு கிழமை தாண்டிவிட்டது. எழுதிவிட்டேன். கொப்பிக்கு வாய் இல்லை.

சாந்திக்கும் எனக்கும் கஜனின் தாய்க்கும் மட்டும் தெரியும். புதன்கிழமை ஸ்கான். துடிப்பைப் பார்த்த பிறகு அவர்களே எல்லாருக்கும் சொல்வார்களாம். போனில் த. சொன்னது: "அம்மம்மா, இந்த முறை நாங்கள் சொல்லுறம். நீங்கள் இல்லை. ஓமோ?"

ஓம் என்றேன்.

போன வருசம் ஏழாம் கிழமையிலேயே நான் ஊர் முழுக்கச் சொன்னவள். பத்தாம் கிழமை கலைந்துவிட்டது. சொன்னதால் கலையவில்லை, யாருடைய பிழையும் இல்லை என்று மிட்வைஃப் பிள்ளை திரும்பத் திரும்பச் சொன்னது. அது சரி. ஆனால் "எத்தினை மாதம் பிள்ளை?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் த.தான் பதில் சொன்னாள். நான் சொல்லித் திரிந்த வீடுகளுக்கு அவள் பதில். அன்றைக்கு வட்ஸ்அப்பில் இருந்த தன் படத்தை எடுத்தவள், இன்னும் போடவில்லை. பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத் தலை மட்டும்.

ஆனி 5, வெள்ளி

போச்சு.

மச்சாளிடம் தப்பிவிட்டேன். ஒன்பது ஏ, வெள்ளைச் சட்டை, மேடைப் பேச்சு, எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். அவள் கொட்டாவி விட்டாள். பிறகு ஐயரிடம் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"ஆருக்கு அம்மா?"

த. பெயர், உத்தரம். கஜன் பெயர், ரோகிணி. பிறகு கையில் மூன்று விரல். வீட்டிலிருந்தே மூன்று பேர் மூன்று பேர் என்று எண்ணிக்கொண்டு வந்த புத்தி.

"மூண்டாவது ஆள்?"

"பேர் இன்னும் வைக்கேல்லை ஐயா. நட்சத்திரமும் வரேல்லை."

ஐயர் என்னைப் பார்த்தார். சிரித்தார். வெண்கலக் குரல் அவருக்கு. "அப்ப கர்ப்பத்தில இருக்கிற சிசுவுக்கெண்டு சொல்லுறன்!"

எனக்குப் பின்னால் பரமேசு மச்சாள். வேறு ஆள் இல்லை. ஒருத்தி போதும். அவள் மகள் கனடாவில், எங்கள் குடும்பக் குறூப்பில் இருக்கிறாள்.

வெளியே செருப்புப் போடும்போது கையைப் பிடித்தேன். "மச்சாள், ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ."

"என்னத்தை? மணிச் சத்தத்தில காது அடைச்சுப் போச்சு. எனக்கு ஒண்டும் கேக்கேல்லை." இரண்டடி போய்த் திரும்பினாள். "பச்சைப்பயறு கிடக்கு, ஒரு கொத்துத் தரட்டோ? எனக்குக் கேக்காத அந்த மூண்டாவது ஆளுக்குத்தான்."

நல்லவள்தான். ஆனால் மகளோடு தினமும் வீடியோவில் கதைப்பவள்.

ஆனி 6, சனி

தேங்காய்ப்பால் திரைந்துவிட்டது. கவனம் எங்கே இருந்தது?

த. போன் எடுத்தாள். கிளினிக் போனாளாம். மிட்வைஃபின் ஸ்கூட்டி வீட்டு வாசலில் நின்றால் ஒழுங்கை வீடுகள் எல்லாவற்றுக்கும் தெரியுமென்று தானே போயிருக்கிறாள். நிறை, பிறஷர் பார்த்து அட்டையில் பதிந்தார்களாம். இரத்தம் எடுத்தார்களாம். போலிக் அமிலக் குளிசை முதல் மாதத்திலிருந்தே போடுகிறாள். சத்தியெடுப்பது குறைவு. புளி மாங்காய் வேண்டுமாம்.

அர்ச்சனைக் கதையைச் சொல்ல வாய் எடுத்தேன். "அம்மம்மா, ஏன் பேசாமல் இருக்கிறியள்?" "காற்று பிள்ளை, கேக்கேல்லை." மச்சாளிடம் படித்த பொய்.

போனை மூன்று முறை திறந்து பார்த்தேன். குறூப்பில் யாரோ கேக் படம். வேறு இல்லை.

ஆனி 7, ஞாயிறு

சாந்தி சொன்னாள்: "அம்மா, கனடாவில இருந்து அவளுக்கு வாழ்த்து வர முதல் நீங்களே சொல்லுங்கோ." நான் பெற்றது எனக்குப் புத்தி சொல்கிறது. சொன்னது சரி.

எடுத்தேன். த.விடம் ஒன்றும் ஒளிக்கவில்லை. ஐயர், மூன்று விரல், மச்சாள், பச்சைப்பயறு, எல்லாம்.

கடைசிவரை கேட்டாள். பிறகு, "இதைத்தானே அம்மம்மா வேண்டாம் எண்டனான்." அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். "ஸ்கானுக்கு மூண்டு நாள் கிடக்கு. ஏதும் எண்டால் நான் திரும்ப ஆராருக்கெல்லாம் சொல்லுறது?"

"இந்த முறை நான் சொல்லுவன். நீ ஒருத்தருக்கும் பதில் சொல்ல வேண்டாம். வீடு வீடாய் நானே போவன்."

வைத்துவிட்டாள்.

ஆனி 9, செவ்வாய்

கஜன் எடுத்தார். த. பக்கத்தில் இல்லை. "கோவம் இல்லை அம்மம்மா, பயம்."

ஸ்கான் நல்லபடி வந்தால் சொல்லும் ஒழுங்கை வாசித்தார். முதலில் மாங்குளத்தில் இருக்கும் அவருடைய அக்கா சுமதிக்கு. கலியாணமாகிப் பன்னிரண்டு வருசம், பிள்ளை இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக குறூப்பில் பார்க்க விடக்கூடாதாம். தனியாக எடுத்து, அவ அழுதாலும் சிரித்தாலும் பொறுத்திருந்து கேட்க வேண்டுமாம். பிறகு வயது போனவர்களுக்கு ஒவ்வொருவராகப் போனில். பிறகு த.வின் இரண்டு சிநேகிதிகள். கடைசியில்தான் குறூப்பில் படம். பேஸ்புக்கில் இல்லை. "வெளியில் போடாதேங்கோ" என்று கீழே ஒரு வரி.

எங்கள் காலத்தில் வயிறு தானே சொல்லும். இது நல்ல ஒழுங்கு. சுமதியை நான் நினைத்திருக்கவே மாட்டேன்.

மச்சாள் மதிலால் எட்டிப் பார்த்தாள். "கனடாக்காரி என்ன விசேசம் எண்டு கேட்டவள். ஒன்பது ஏ எண்டு சொல்லிப்போட்டன்."

ஆனி 10, புதன்

ஸ்கான் பத்து மணிக்கு. எட்டரைக்கு முற்றம் கூட்டினேன். ஒன்பதுக்குத் திரும்பவும். சாந்தி விளக்குமாற்றைப் பறித்தாள்.

பத்தே முக்கால். போன் இல்லை. தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு நிற்பாளாம், வரிசை நீளமாம். பதினொன்று. மாங்காய் வெட்டி உப்பில் போட்டேன். யார் கொண்டுபோவது? தெரியாது. வெட்டினேன்.

பதினொன்று இருபது. த.

"அம்மம்மா, துடிக்குது. குதிரை ஓடுற மாதிரி. கை காட்டிச்சுது."

சாந்தி போனைப் பறித்தாள். நான் குசினியில் கதிரையில் இருந்து அழுதேன். பிள்ளை பிறப்பது மார்கழி இருபதளவிலாம்.

வைக்கும்போது த. கேட்டாள்: "ஐயரிட்டைச் சொன்ன வசனம் என்ன? ஒருக்கால் சொல்லுங்கோ." திட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். சிரித்தாள். ஒரு வருசமாய்க் கேட்காத சிரிப்பு.

ஆனி 11, வியாழன்

சுமதிக்குக் காலையில் சொல்லிவிட்டார்களாம். முதலில் அழுதாவாம். பிறகு தொட்டில் தன் செலவு என்றாவாம்.

பின்னேரம் குறூப்பில் வந்தது. இரண்டு பேரின் கை, நடுவில் ஸ்கான் படம். எனக்கு மழை நாள் ரீவி மாதிரித்தான் தெரிகிறது. எழுத்தைக் கூட்டி வாசித்தேன்:

"எங்கள் வீட்டுக்கு மூன்றாவது ஆள் வருகிறார். பெயர் இன்னும் வைக்கவில்லை. நட்சத்திரமும் வரவில்லை. மார்கழியில் தெரியும். வெளியில் போடாதேங்கோ. த., கஜன்."

என் வசனம்! பிழையாய்ப் போன வாய் அவள் கையில் நேராகிவிட்டது.

கனடாக்காரி பூக்களாய்ப் போட்டிருக்கிறாள். மச்சாள் மதிலுக்கு அங்கால், "இப்ப கேட்டுது மச்சாள்! இப்பதான் கேட்டுது!"

நானும் சாந்தியைப் பிடித்துப் பொத்தானை அமத்திக் குரலில் அனுப்பினேன். எல்லாரும் கேட்கட்டும்.

"பிள்ளை, கையைப் பாத்தன். ஸ்கானையும் பாத்தன். உன்ர பேருக்குப் பக்கத்தில இன்னும் அந்தச் சாம்பல் தலைதான் கிடக்கு. முகம் தெரியிற படம் ஒண்டு எடுத்துப் போடு. இண்டைக்கே போடு."