பொன்செல்வி அளவுக்குத் தண்ணீர்

ஜூன் 14

சாரல் இன்னும் வரவில்லை. லாட்ஜில் மூன்று அறைகளில்தான் ஆள். ரிசப்ஷனில் உட்கார்ந்து, சொற்களின் கதைகளைச் சொல்லும் தடித்த புத்தகத்தில் எண்பது பக்கம் படித்துவிட்டேன். அயர்லாந்தில் பாய்காட் என்று ஒரு கேப்டன். நிலச்சுவான்தாரின் காரியஸ்தர். குத்தகைக்காரர்கள் 1880-இல் அவரோடு பேசுவதையே நிறுத்தினார்கள். கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை, அறுப்புக்கு ஆள் போகவில்லை. சில வாரங்களுக்குள் செய்தித்தாள்கள் அவர் பெயரையே வினைச்சொல்லாக எழுதத் தொடங்கிவிட்டன. மனிதர் உயிரோடு இருக்கும்போதே! அதன் பிறகும் பல வருடம் வாழ்ந்திருக்கிறார். காலையில் பேப்பரைப் பிரித்தால் யாரையோ யாரோ பாய்காட் செய்திருப்பார்கள். எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் சாத்தூரிலிருந்து ஒரு போன். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்டார். நல்லா விழுகிறது, வந்து பொன்செல்வின்னு கேளுங்க என்றேன். இரண்டு அறை புக்கிங்.

ஜூன் 16

சாத்தூர்க்காரர்கள் வந்தார்கள். வேன், பதினோரு பேர், கூட்டி வந்தவர் பெயர் அய்யாத்துரை. அருவிக்குப் போய் அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டார்கள். பாறைதான் இருந்ததாம். அதன் ஓரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டது போல ஒரு நீர்.

"நீங்கதானம்மா போன்ல பேசுனது? நல்லா விழுதுன்னு சொன்னீங்களே."

"முந்தாநாள் விழுந்துச்சு சார்" என்றேன்.

முந்தாநாளும் விழவில்லை. இத்தனைக்கும் மொட்டை மாடிக்குப் போனாலே மெயின் அருவி தெரியும். பதினாறு படி. நான் புத்தகத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

வேனுக்குள் ஒரு வயதான அம்மா, தலையில் தேய்த்த எண்ணெயோடு உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 17

அய்யாத்துரை வீடியோ போட்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் பாறை. "பொன்செல்வின்னு ஒரு பொண்ணு. நல்லா விழுதுன்னு சொன்னிச்சு. இந்தா விழுது, பாருங்க மக்களே." தென்காசி, செங்கோட்டை வாட்ஸப் குரூப் எல்லாவற்றிலும் ஓடுகிறது.

முதலாளி சங்கரபாண்டி அண்ணாச்சி கோபப்படவில்லை. "விழுதுன்னு சொன்னதுல தப்பில்லம்மா. எல்லா லாட்ஜுக்காரனும் அதத்தான் சொல்லுதான். நீ பேர எதுக்குச் சொன்ன?"

இதுதான் இன்று எனக்குக் கிடைத்த ஆறுதல்.

ஜூன் 21

பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் பயணியிடம், "பொன்செல்வி சொன்ன மாதிரி விழுது சார்" என்கிறார். சுற்றிலும் சிரிப்பு. நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. துப்பட்டாவை ஏன் இழுத்துவிட்டுக்கொண்டேன்?

ஜூன் 27

கூட வேலை பார்க்கும் நஸீபா மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "ஏட்டி, கோவிக்காத. எங்க அண்ணன் வட்டிக்காரன்ட்ட 'நாளைக்குத் தாரேன்'னான். அவன், 'பொன்செல்வி விடாதலே'ங்கான். எங்க வீட்ல எல்லாரும் சிரிச்சுட்டோம். நானும்தான்."

ஆறு நாளில் ‘மாதிரி’ உதிர்ந்துவிட்டது. இப்படித்தான் நடக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. முதலில் உவமை, ‘அவரைப் போல’. பிறகு ‘போல’ போய்விடும், ஆள் செய்த காரியத்துக்கே ஆள் பெயர் வந்துவிடும். ஆங்கிலத்திலாவது பெயர் சொல்லாக மாறும்போது முதலெழுத்து பெரியதிலிருந்து சிறியதாகி, ஏதோ நடந்துவிட்டது என்று காட்டும். தமிழில் அந்தத் தடயமும் இல்லை. ஒருநாள் விழித்துப் பார்த்தால் நாம் சொல்லாகிவிட்டிருப்போம்.

ஜூலை 3

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களில் ஒருவர் இன்னொருவரிடம்: "ஐந்தருவி எப்படி?" "பொன்செல்வி." "பழைய அருவி?" "அங்கனயும் பொன்செல்விதான். ரெண்டு பொன்செல்வி இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கேலியாக இருந்தவரை அதற்குள் நான் இருந்தேன்.

பொய், பொய் வாக்கு, இப்போது மெலிந்த நீர். இவ்வளவு சீக்கிரம் ஏன் பிடித்துக்கொண்டது என்று யோசிக்கிறேன். இங்கே இரண்டு பதில்தான் இருந்தது: விழுது, விழல. நடுவில் விழுகிற நீருக்குச் சொல் இல்லை. காலியாகக் கிடந்த இடத்தில் என்னைத் தூக்கி வைத்துவிட்டார்கள்.

ஜூலை 5

வோல்ட், வாட், ஆம்பியர் எல்லாம் மனிதர்கள் பெயர்தான். ஆனால் அவை அறிஞர்கள் கூட்டம் போட்டு மரியாதைக்கு வைத்தவை. தெரு வைக்கிற பெயர் வேறு. ஃபிரான்சில் சிலுவெட் என்று ஒரு நிதி மந்திரி. சில மாதங்கள்தான் பதவி. சிக்கனம் சிக்கனம் என்று பிடுங்கியதில், மலிவாகச் செய்த எதற்கும் அவர் பெயரை வைத்துவிட்டார்கள். வண்ணம் இல்லாமல் நிழலை மட்டும் வெட்டி ஒட்டிய மலிவுப் படத்துக்கும் அப்படித்தான் வந்ததாம். கடைசியில் நிழல் மட்டும் தங்கியது. சிக்கனமும் போயிற்று, மந்திரியும் போனார்.

அவ்வளவு தூரம் எதற்கு? எட்டப்பன் என்பது எட்டயபுரம் பாளையக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய பட்டப்பெயர். ஒருவர் காலத்துக் கதை அத்தனை பேர் மீதும் ஏறிவிட்டது. நானே பள்ளிக்கூடத்தில் எத்தனை பேரை அப்படிக் கூப்பிட்டிருப்பேன். அந்தக் குடும்பத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்திருப்பாளே என்று இன்றுதான் தோன்றுகிறது.

ஜூலை 6

வீட்டுப் பக்கத்து மனையில் ஜேசிபி மண் அள்ளுகிறது. ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற மனிதரின் முதலெழுத்துகள். ஓட்டுகிறவரிடம் சொன்னேன். "அப்படியாக்கா? ஆனா இது வேற கம்பெனி ஜேசிபி" என்றார்.

ஜூலை 9

அப்பாவுக்கு மெயின் அருவியில் டியூட்டி. ஸ்பெஷல் எஸ்.ஐ. குற்றாலீஸ்வரன் என்றால் இந்த அருவிக்கரையில் எல்லோருக்கும் தெரியும். வீடியோ பற்றி இதுவரை அவர் வாயைத் திறந்ததில்லை. இன்று இரவுச் சாப்பாட்டில், தோசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மைக்ல ஒரு புதுப் பையன் சொல்லுதான். 'ஐந்தருவி பொன்செல்வி, கூட்டம் நார்மல், ஓவர்'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல. ரோஜர்னு சொன்னேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. கை கழுவப் போய்விட்டார்.

ரோஜரும் ஒரு ஆளின் பெயர்தான். ஆனால் அப்படி ஒரு ஆளே கிடையாது. ‘கிடைத்தது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை வயர்லெஸ்ஸில் தெளிவாகச் சொல்ல, அந்தக் காலத்தில் வைத்துக்கொண்ட பெயர். ஆளில்லாத பெயர் எவ்வளவு நிம்மதி.

ஜூலை 10

அப்பா என் பெயருக்கு ‘ரோஜர்’ சொல்லியிருக்கிறார்.

ஜூலை 12

புக்கிங் நம்பரைத் தேடி எடுத்து அய்யாத்துரைக்குப் போன் போட்டேன். பேரைச் சொன்னதும் அவருக்குப் புரியவில்லை. "எந்த லாட்ஜும்மா?" என்றார். புரிந்த பிறகு அவர்தான் அதிகம் தடுமாறினார்.

"அத ரெண்டாம் நாளே அழிச்சுட்டேனேம்மா. எங்கம்மாதான் சொன்னா, பொம்பளப்பிள்ளை பேரு, எடுத்துரு ராசான்னு."

அந்த அம்மா குளித்தார்களா என்று கேட்டேன்.

"எங்க குளிக்க? காலை நனைச்சா. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்னா. முட்டி ரெண்டும் போச்சு, அவள இனி எங்கன கூட்டிட்டு வர."

மன்னிச்சிருங்க என்றேன். எத்தனை தடவை என்று தெரியாது. வீடியோ இல்லாமல் மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருக்கிறது அந்தச் சொல். வேரைப் பிடுங்கினாலும் செடி நிற்கிறது. பாய்காட் அயர்லாந்தை விட்டே போனார், சொல் கூடவே போனது.

பாய்காட் எனக்கு இப்போது சிரிப்பாக இல்லை.

ஜூலை 15

போனில், "வணக்கம், ரேவதி பேசுதேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கில்லட்டின் டாக்டர் அந்தத் தலை வெட்டும் கருவியைச் செய்தவர் இல்லை, மரண தண்டனையே கூடாது என்றவர். கருவியின் பெயரை மாற்றுங்கள் என்று அவர் குடும்பம் கேட்டதாகவும், அரசாங்கம் மறுக்கவே தங்கள் பெயரை மாற்றிக்கொண்டதாகவும் சொல்வார்கள். அவர்களுக்காவது அநியாயம். எனக்கு என்ன அநியாயம்? சொன்னேன். பொய்தான்.

நஸீபா: "யாருட்டி ரேவதி?" "நான்தான்." "பாவம் ரேவதி" என்றாள்.

ஜூலை 18

லாண்ட்லைன். "வணக்கம், ரேவதி பேசுதேன்." அந்தப் பக்கம் அருவிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு குரல்: "சரிம்மா, வச்சிருதேன்."

வைத்த பிறகுதான் புரிந்தது. அப்பா. செல்போனை நான் சார்ஜில் போட்டிருந்தேன்.

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் கடைசிப் பஸ் வரை இருந்தேன். அப்பா வீட்டு கேட் அருகே நின்றிருந்தார், யூனிபார்ம் சட்டை பட்டன் கழற்றியபடி. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"பேர மாத்தணும்னா மாத்திக்க. கெஜட்ல போட எனக்கு ஆள் தெரியும். ஆனா ஒண்ணு. தண்ணி எப்படி விழுதுன்னு கேக்கத்தான் போன் போட்டேன். பாலத்துக்கிட்ட பஸ்ஸ நிறுத்தி ஒரு கூட்டம் கேட்டுக்கிட்டு நிக்குது, எனக்கு இந்தப் பக்கம்தான் தெரியும், உங்க மாடில இருந்து முழுசாத் தெரியும். அந்த ரேவதிட்ட எதக் கேக்க? அவ பார்த்தாளா இல்லையான்னு எனக்கு என்ன தெரியும்?"

பொன்செல்வியிடம் கேட்டால் மட்டும் தெரியுமா அப்பா? கேட்கவில்லை.  அப்பா நம்பியிருக்கிறார். ஊர் முழுக்க என் பெயர் எதற்கு அடையாளம் என்று தெரிந்த பிறகும், வயர்லெஸ்ஸில் அதைத் தினம் கேட்டுக்கொண்டே, மகள் பார்த்துச் சொல்வாள் என்று போன் போட்டிருக்கிறார்.

ஜூலை 19

காலையில் வந்ததும் மாடிக்குப் போனேன். பார்த்தேன். இறங்கினேன். மத்தியானம் மறுபடி.

ஜூலை 23

சங்கரபாண்டி அண்ணாச்சி: "நீ வர வர போன்ல ரொம்ப நேரம் பேசுத. ஓரத்துல விழுது, நடுவுல விழலன்னுட்டு. எவன் வருவான்?" இந்த வாரம் மூன்று புக்கிங் போயிற்று. வேலை போகுமா என்று தெரியவில்லை. சீசன் முடியும்வரை அவருக்கு வேறு ஆள் கிடைக்காது என்று நஸீபா சொல்கிறாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இது பரிகாரம் இல்லை. அந்த அம்மாவின் முட்டி திரும்பாது. சொல்லையும் திருப்ப முடியாது. இதுவரை யாராலும் முடியவில்லை. அது என்னுடையது இல்லை இப்போது. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் நேற்று, "பொன்செல்வியா விழுதாம், பிள்ளையக் குளிப்பாட்ட அதுதான் தோது" என்றாள். என்ன செய்வது என்று தெரியாமல் அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 26

சனி. சாரல் வந்து நின்று, மறுபடி வெயில். பதினொரு மணிக்கு ராஜபாளையத்திலிருந்து ஒருவர் போனில். வயசானவர்களைக் கூட்டி வருகிறாராம், நான்கு அறை வேண்டும். அண்ணாச்சி எதிரில் உட்கார்ந்து கண்ணாலேயே தலையாட்டச் சொன்னார்.

"தண்ணி எப்படிம்மா விழுது? உண்மையச் சொல்லுங்க."

ஒரு நிமிஷம் இருங்க என்று மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வேறு சொல் தேடினேன். இல்லை.

"இன்னிக்குப் பொன்செல்விதான் சார். ஒரு வாரம் கழிச்சுக் கேட்டுட்டு வாங்க."

"எங்க ஊர்லயும் அப்படித்தாம்மா சொல்லுதாங்க. அடுத்த வாரம் உங்ககிட்டயே கேக்கேன், உங்க பேரு என்ன?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். என் சொந்தப் பேரையே சொன்னேன்.

 அந்தப் பக்கம் ஒரு செருமல்.

"சரிம்மா" என்றார். "இந்தப் பேரையே மறைக்கல, அப்போ தண்ணியும் சரியாத்தான் சொல்லியிருப்பீங்க."