நீ சிவப்பு மையால் அடித்த சொற்கள்

இன்று காலை கடலூர் துறைமுகத்தில் மீன் வாங்க நின்றபோது, ஒருவர் இன்னொருவரிடம் "மடி கிழிஞ்சிடுச்சுப்பா" என்றார். உடனே உன் நினைவுதான் வந்தது. அந்தச் சொல்லைத்தான் நீ "கொச்சை" என்று அடித்தாய். நீ செத்துப்போய்ச் சில மாதங்கள்தான் ஆகின்றன. இருந்தும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். பிறகு நீ கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுக்கப் போனாய். நான் சிதம்பரத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்த உட்கார்ந்தேன். கழுத்தில் துண்டு, பேச்சில் ஏறி இறங்கும் குரல் என்று மேடைக்காகவே உன்னைச் செய்துகொண்டாய். நீ பேசிய பக்தியில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை வந்ததில்லை.

சுனாமிக்குப் பிறகு மீனவர் குப்பத்து அஞ்சலை ஒரு நோட்டை உன்னிடம் தந்தார். கடலுக்குப் போவதை விட்டுச் சாமியாரான ஒரு மீனவர் பாடியவற்றை யாரோ கேட்டு அதில் எழுதி வைத்திருந்தார்கள். அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. அந்த நோட்டின்மேலேயே நீ சிவப்பு மையால் திருத்தினாய்.

மடியிலே வந்துவிழ மாட்டேன்னு துள்ளுறேனே
அடியிலே கல்லைக்கட்டி அமுக்கிவச்ச ஆண்டவனே

இதை நீ "வலையினிலே வந்துவிழ மாட்டேனென்று துள்ளுகின்றேன்" என்று மாற்றினாய். கல் என்பது ஆணவம் என்று உரையும் எழுதினாய்.

"மச்சான், மடின்னா வலையோட கடைசிப் பை. மீன் போய்ச் சேர்ற எடம்" என்றேன்.

"சாமி பாட்டுல பை எதுக்குடா? படிக்கறவன் சிரிப்பான்."

வலையின் மேல்கயிற்றில் மிதவை கட்டுவார்கள், கீழ்க்கயிற்றில் கல். மீன் மேலே துள்ளித் தப்பப் பார்க்கலாம். கல் இழுத்த அடிப்பக்கம் வழி கிடையாது. அந்த மனிதர் கடவுளைக் கெஞ்சவில்லை. ஓட இடம் வைக்காமல் வளைத்துவிட்டாயே என்று திட்டுகிறார். மடி தாயின் மடியும்தான். பயந்து ஓடிய இடமே கடைசியில் ஏந்திக்கொள்கிறது. இதையெல்லாம் ஒரே சொல் சொல்லியது. நீ அதைத் துடைத்துவிட்டு ஆணவத்தைக் கொண்டுவந்து வைத்தாய்.

எதுகை கூடவா உன் காதில் விழவில்லை? மடி, அடி. இரண்டு அடிகளிலும் இரண்டாம் எழுத்து ஒன்றி நிற்கிறது. பாடுகிற வாய்க்கு அதுதான் பிடிமானம். நீ போட்ட வலை அதை அறுத்தது. எழுதப்படாமல் வாயிலேயே வாழ்ந்த பாட்டில் எது மூலச்சொல் என்று எதுகைதான் காட்டிக்கொடுக்கும். தமிழ் படித்த உனக்கு அதை நான் சொல்ல வேண்டியிருந்தது. நீ கேட்கவில்லை.

அதனால் புத்தகம் எங்கள் அச்சகத்துக்கே வந்தபோது, கடைசி மெய்ப்பில் உன் திருத்தங்களை ஒன்று விடாமல் நீக்கி, நோட்டில் இருந்தபடியே அச்சுக்கு அனுப்பினேன்.

கடலூரில் வெளியீட்டு விழா. மேடையில் புத்தகத்தைப் பிரித்து "மடியிலே" என்று படித்ததும் உன் குரல் ஒரு நொடி நின்றது. கீழே உட்கார்ந்திருந்த குப்பத்துப் பெண்கள் கூடவே பாட ஆரம்பித்துவிட்டார்கள். கைதட்டல் அடங்கியதும் நீ சொன்னாய்: "மக்கள் பேசற சொல்லத் தொடவே கூடாதுன்னு நான் பிடிவாதமா இருந்தேன்!"

அப்போது உன்னைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. வெளியே வந்து என் தோளில் கை போட்டு, "தெரியும் மச்சான், நீ பண்ண வேலை. நல்லாத்தான இருக்கு, வுடு" என்றாய். கையைத் தட்டிவிட்டேன். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை.

உன் சாவுக்கு வந்திருந்த அஞ்சலையை நான்தான் பேருந்து ஏற்றிவிடப் போனேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பொஸ்தகத்துல ஒரு பாட்டு தப்பா வந்துடுச்சு சார்."

கணவன் கரை திரும்பக் காத்திருக்கும் பெண்ணாகத் தன்னை வைத்துச் சாமியார் பாடிய பாட்டு அது. புத்தகத்தில் இப்படி இருக்கிறது:

கஞ்சித்தூக்கு ஆறிப்போச்சு கடல்பார்த்து நிக்கிறேனே
மிச்சமாச்சு உப்புமட்டும் மேடேறி வாசாமி

தூக்குச்சட்டியில் கொண்டுவந்த கஞ்சி ஆறிவிட்டது. இனி மீதி இருப்பது தொட்டுக்கொள்ள வைத்த உப்பும், கன்னத்தில் காய்ந்த உப்பும்தான். கரையேறி வா, சாமி.

"அது 'மிஞ்சினது உப்புமட்டும்'னு வரணும். நோட்டுல எழுதனவங்க மாத்தி எழுதிட்டாங்க. உங்க சிநேகிதரு எங்க ஊட்டுக்கே வந்து, என்னப் பாடச் சொல்லி, மூணு வாட்டி கேட்டுட்டுத்தான் செவப்புல எழுதனாரு. அவரு திருத்தனதுலயே அது ஒண்ணுதான் சரி."

கஞ்சி, மிஞ்சி. உனக்கு நான் பாடம் எடுத்த அதே எதுகை. சிவப்பு மை உன்னுடையது என்பதால் நான் காது கொடுக்கவே இல்லை.

உன்னைப் பற்றிய என் எண்ணம் பெரிதாக மாறவில்லை, மச்சான். மேடையில் நீ சொன்னது பொய்தான். ஆனால் அஞ்சலை வீட்டு வாசலில் உட்கார்ந்து, மூன்று முறை பாடச் சொல்லிக் கேட்டவனும் நீதான். அந்தப் பாட்டைத் தப்பாக அச்சிட்டவன் நான். இப்போது குப்பத்தில் இளம்பெண்கள் புத்தகத்தைப் பார்த்து "மிச்சமாச்சு" என்றே பாடுகிறார்களாம்.