முதுகு காட்டின விரல்கள்

மே 6, செவ்வாய்
என் பாப்பாவுக்குக் காது குத்து 18ஆம் தேதின்னு முடிவாயிருச்சு. தாய்மாமன் மடியில வெச்சுத்தான் குத்தணும். கொஸ்லந்தையில இருக்கிற கஜேந்திரன் அண்ணன் என்கூடப் பேசி எட்டு மாசமாச்சு. ஒரு கல்யாண வீட்டுல அவரு மழையில நனைஞ்சு, மீசைக்கு அடிச்ச மை கன்னத்துல ஒழுகுச்சு. நான் சிரிச்சேன். சத்தமாத்தான். பந்தியே திரும்பிப் பார்த்துச்சு.

போன் பண்ண வெக்கமா இருக்கு.

மே 7
பதுளையில துணிக்கடையில என்கூட வேலை செய்ற ஷம்ரா வழி சொன்னா. கேக்கக் கூச்சமா இருந்தா வாட்ஸ்அப்ல ரெண்டு ஆள்காட்டி விரல் போடணுமாம். தனித்தனிப் படம்தான், நுனியும் நுனியும் முட்டுற மாதிரி பக்கத்துல பக்கத்துல வைக்கணும். "சின்னப்புள்ள தப்பு பண்ணிட்டு விரலோட விரலைத் தட்டிக்கிட்டு நிக்குமே, அதான்டி."

வேலை முடிஞ்சு தெமோதரை வீட்டுக்கு வர்ற பஸ்ஸிலயே அனுப்பிட்டேன்: "அண்ணே, 18ஆம் தேதி பாப்பாவுக்குக் காது குத்து 👈👉🏿"

மே 8
பதில்! "சரி. அப்படியே ஆகட்டும்."
இவ்வளவு லேசா?

மே 10
ஷம்ராகிட்ட பெருமையாக் காட்டினேன். வாயைப் பொத்திக்கிட்டா. விரலை முன்பின்னா மாத்திப் போட்டிருக்கேன். ரெண்டும் முதுகைக் காட்டிக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் நீட்டுது. போதாக்குறைக்கு, ஒன்னை அழுத்திப் பிடிச்சதுல நிறம் மாறி, ஒன்னு மஞ்சள், ஒன்னு கருப்பு. ரெண்டு ஆளோட விரல்! நீ அந்தப் பக்கம் போ, நான் இந்தப் பக்கம் போறேன்னு படிச்சிருப்பாரு மனுஷன்.

அழிக்கவும் முடியல. மூணு நாளாச்சு, என் போன்ல மட்டும்தான் அழியுமாம். நீலக் குறி வேற.

வேற எழுத்தே இல்லாம, சரியாத் திருப்பி, ரெண்டும் மஞ்சளா அனுப்பினேன்: 👉👈
தனியாப் போட்டா எவ்வளவு பெருசாத் தெரியுது!

மே 11, ஞாயிறு
காலையிலயே அண்ணன் எங்க லயத்து வீட்டு வாசல்ல நின்னாரு. சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு.

"நேருக்கு நேர் வான்னு விரல் நீட்டுறியா? வந்துட்டேன். சொல்லு."

என்ன செய்றேன்னு தெரியாமலே என் விரல் ரெண்டும் ஒன்னையொன்னு தட்டிக்கிட்டு நிக்குது. அண்ணன் அதைப் பார்த்தாரு. போனை எடுத்துப் பார்த்தாரு. மறுபடி என் கையைப் பார்த்தாரு.

"சிரிச்சது தப்புதாண்ணே. பாப்பாவ நீங்கதான் மடியில வெச்சுக்கணும்."

அண்ணன், "இதக் கேக்கவா இவ்வளவு விரலு?"ன்னாரு. மீசையில புது மை. சிரிச்சிரக் கூடாதேன்னு நான் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

மே 18
குத்தியாச்சு. பாப்பா அழல. அண்ணனைத்தான் சமாதானப்படுத்த வேண்டியதாப் போச்சு.

மே 21
அண்ணன் இன்னும் கொஸ்லந்தைக்குப் போகல. பருப்புக் கறிக்கு உப்புப் பத்தலையாம். மூணு நாளா அதையே சொல்றாரு. இன்னைக்கு அவருக்கும் சேர்த்தே கூடுதலா அரிசி போட்டேன்.