காதில் வாங்காதது

மார்ச் 3, செவ்வாய்

இன்று மொழிபெயர்க்க எட்டு வாக்குமூலங்கள். கண் பூத்துப்போயிற்று. கடைசியாக வந்தது சலவைக்கூடத் தொழிலாளி ஒருத்தியுடையது. துணி பிழியும் இயந்திரத்தில் சிக்கி மூன்று விரல் போனவள். "வயித்துல அடிச்சுட்டாங்க" என்கிறாள். அப்படியே போட்டால் அடிதடி வழக்காகிவிடும். ஆங்கிலத்தில் 'பிழைப்பைப் பறித்தார்கள்' என்று பொருள் வரும்படி எழுதினேன். "கையை விரிச்சுட்டாரு" — தன்னால் எதுவும் முடியாது என்றார். "கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன்" — படித்துப் பார்க்காமல். "கை கழுவிட்டாங்க" ஒன்றுதான் சுலபம். ஆங்கிலத்திலும் கையைத்தான் கழுவுகிறார்கள்!

நாலாம் பக்கம் எப்படி முடிந்தது என்றே நினைவில்லை.

மார்ச் 5, வியாழன்

முதுகு வலி. மகள் என்னவோ சொன்னாள். சரி சரி என்றேன்.

மார்ச் 9, திங்கள்

மகள் கத்தினாள். "ஸ்கூல் பாரத்துல கையெழுத்து வேணும்னு அஞ்சு நாளா சொல்றேன். நீ காதுலயே வாங்க மாட்டேங்கிறம்மா!"

எனக்குக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் கேட்டது.

இதே வார்த்தை அந்தச் சலவைக்கூடத் தொழிலாளியின் வாக்குமூலத்திலும் வந்ததே! கோப்பைத் திறந்தேன். நாலாம் பக்கம்: "மெஷின் மூடி உடைஞ்சிருக்குன்னு சூப்பர்வைசர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன். அவரு காதுல வாங்கல." நான் எழுதியிருப்பது 'டிட் நாட் ஹியர்'. அது காதில் விழவில்லை என்பதற்கு. கேட்டும் பொருட்படுத்தவில்லை என்றல்லவா அவள் சொன்னாள்! பாவி, இருபது வருஷமாக இதே தொழில்.

யார் கவனிக்கப் போகிறார்கள்?

மார்ச் 10, செவ்வாய்

கவனித்துவிட்டார்கள். அவளுடைய வக்கீல் போன் செய்தார். "சூப்பர்வைசர் காதுல விழவே இல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்களே, அப்போ மூடி உடைஞ்சது எங்களுக்கு எப்படித் தெரியும், தப்பு அவங்களோடதுதான்னு கம்பெனி பதில் போட்டிருக்கு."

என் மொழிபெயர்ப்பில்தான் தவறு என்று சொன்னால், எனக்கு வேலை தரும் அலுவலகம் என்னைத் தொலைத்துக் கட்டும். சொல்லாமல் விட்டால்? விரலும் போய்ப் பழியும் அவள் தலையிலா? முடியவில்லை. சொல்லிவிட்டேன். "விசாரணையில வந்து சொல்லுங்க" என்றார்.

மார்ச் 12, வியாழன்

விசாரணை அதிகாரி முன் நின்று, தவறு என்னுடையது என்றேன். 'காதில் விழவில்லை', 'காதில் வாங்கவில்லை' இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். அதிகாரி சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, அவள் சொன்னது கேட்டதா என்று கேட்டார்.

அவரும் தமிழர்தான். தரையைப் பார்த்தபடி, "கேட்டுச்சு. அன்னிக்கு வேலை தலைக்கு மேல இருந்துச்சு" என்றார்.

அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். வேலை மிக அதிகம் என்று. அவர்மேல் கோபம் வரவில்லை. எனக்கும் அன்றைக்கு அதேதான்.

வெளியே வந்ததும் அவள் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி, "அக்கா, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள். ஆகாது என்று தலையாட்டி வைத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

தீர்ப்பு வந்தது. அவள்மேல் தவறில்லை.

அலுவலகத்துக்குப் போய் அடுத்த வேலை எப்போது என்று மேலாளரிடம் கேட்டேன். கையை விரித்துவிட்டார்.

மகள் கூப்பிடுகிறாள். பேனாவை மூடுகிறேன்.