அண்ணனின் நாற்பத்தொன்பது

மார்ச் 3, ஞாயிறு

இன்று மூன்று பென்சில் சீவினேன். "பரீட்சைக்குக்கூட இப்படிச் சீவினதில்லையே நீ" என்றாள் அம்மா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

பரீட்சையில் தப்பாக எழுதினால் எனக்கு மட்டும்தான் மார்க் போகும். ஸ்கோர் புத்தகத்தில் தப்பாக எழுதினால் பதினொரு பேருக்குப் போகும். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள்.

ஆட்டம் எங்களுக்குத் தோல்வி. அண்ணன் 17. புத்தகம் சுத்தம், ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

மார்ச் 5, செவ்வாய்

மழை மூட்டம். பள்ளியில் கடைசி இரண்டு பீரியடும் ஜன்னல் பக்கம் போய்விட்டன.

ஒன்று எழுதி வைக்க வேண்டும். ஊர் டீமுக்கு ஏன் ஸ்கோர் எழுதுகிறாய் என்று புது வாத்தியார் கேட்டார். "ஆட முடியாது சார், அதனால" என்றேன். என் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. எட்டு வயதில் கண்டுபிடித்தார்கள். நடக்கலாம், மெதுவாக சைக்கிள் மிதிக்கலாம், ஓடக்கூடாது. வாத்தியார் "ஐயோ பாவம்" என்று முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

அவருக்குத் தெரியாத விஷயம்: நான் ஆடுகிறேன். திங்கட்கிழமைதோறும் பள்ளி விட்டு வந்து புத்தகத்தை விரித்தால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முழுக்கத் திரும்ப நடக்கும். ஒவ்வொரு பந்துக்கும் மூன்று இடத்தில் எழுதியிருப்பேன். அடித்தவன் பெயருக்கு நேரே ஒன்று, வீசியவன் கட்டத்தில் ஒன்று, மேலே மொத்த எண்ணிக்கை வரிசையில் ஓர் எண்ணின் மேல் கோடு. மூன்றையும் சேர்த்துப் படித்தால் பந்து எங்கே விழுந்தது என்பதே தெரிந்துவிடும். அந்த ஆட்டத்தில் நானும் இருப்பேன். மூச்சு வாங்காது.

மார்ச் 10, ஞாயிறு

அண்ணன் ஐம்பது!!

முதலிலிருந்து எழுதுகிறேன். லீக்கில் இதுதான் கடைசி ஆட்டம், எங்கள் மைதானத்தில். டவுன் கிளப் இந்த வருஷம் தேர்வுக்குக் கூப்பிடப் போவது லீக்கில் ஓர் ஆட்டத்திலாவது ஐம்பது ரன் அடித்தவர்களை மட்டும்தான். வெள்ளிக்கிழமைக்குள் ஸ்கோர் பக்கத்தின் நகல் போய்ச் சேர வேண்டும். எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர்ப் புத்தகம்தான் கணக்கு. அண்ணனுக்கு இருபத்திரண்டு முடிந்துவிட்டது. இருபத்து மூன்றுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். அதாவது மரவாடியில் வாழ்நாள் பூரா பலகை தூக்குவதா இல்லையா என்பது இன்றைக்கு.

பக்கத்து ஊர் டீமுக்கு ஸ்கோர் எழுத ஒரு பெண் வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். எல்லாம் பச்சைப் பேனாவில் எழுதினாள். நல்ல கையெழுத்து, என்னுடையதைவிட இல்லை. ஒவ்வொரு ஓவர் முடிவிலும் மொத்தத்தையும் விக்கெட்டையும் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டோம்.

அண்ணன் ஆடியது ஆட்டம். நான் பாதி நேரம் மேசையிலேயே இல்லை. எதிர்முனையில் மட்டையோடு நின்றேன். அவன் "வா" என்றதும் ஓடினேன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே கால் ஆடிக்கொண்டிருந்தது. பச்சைப் பேனா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஐம்பது வந்ததும் போர்டு போடும் பையனுக்குக் கத்திச் சொன்னேன். ஊரே கைதட்டியது. அண்ணன் மட்டையைத் தூக்கிக் காட்டினான். அடுத்த பந்தையே தூக்கி அடித்து கேட்ச் ஆனான். போனால் போகிறது!

நாங்கள் 138. அவர்கள் 121-இல் எட்டு விக்கெட் இழந்து நின்றபோது மழை கொட்டி ஆட்டம் நின்றது. புத்தகம் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டோம். கடைசியில் உட்கார்ந்து எல்லாக் கட்டங்களையும் ஒப்பிட நேரமில்லை. மொத்தம் 138, அவளுக்கும் 138. கையெழுத்துப் போட்டு ஓடினார்கள் எல்லோரும். நான் நடந்தேன்.

மார்ச் 11, திங்கள்

என் புத்தகம் டேலி ஆகிறது. மட்டையாளர்கள் 121, எக்ஸ்ட்ராஸ் 17, மொத்தம் 138. அந்தப் பக்கம் பந்து வீச்சாளர்கள் கொடுத்தது 131, அவர்கள் கணக்கில் சேராத பை நான்கு, லெக் பை மூன்று. அதுவும் 138. எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் சரி.

ஆனால் பதினான்காவது ஓவர்.

வழக்கம்போல முதல் பந்திலிருந்து ஆடிக்கொண்டு வந்தேன். பதினான்காவது ஓவரில் ரன் இல்லாத பந்துகளுக்கு ஐந்து புள்ளி, கடைசியில் அண்ணனுக்கு ஒரு ரன். அங்கே வந்ததும் ஞாபகம் வந்தது. பச்சைப் பேனா அந்த ஓவர் முடிந்ததும் கட்டத்திலிருந்த புள்ளிகளைக் கோத்து 'எம்' போட்டாள். மெய்டன் ஓவர், வீசியவன் ஒரு ரன்கூடக் கொடுக்காத ஓவர். கண்ணால் பார்த்தேன், மண்டையில் ஏறவில்லை.

ஒரு ரன் ஓடியும் மெய்டன் என்றால் அது லெக் பை. பந்து மட்டையில் படாமல் காலில் பட்டு ஓடிய ரன். டீமுக்கு உண்டு, அடித்தவனுக்குக் கிடையாது, வீசியவன் கணக்கிலும் ஏறாது. அம்பயர் முழங்காலைத் தூக்கித் தட்டிக் காட்டுவார். பார்த்துவிட்டேன் என்று ஸ்கோரர் கையை உயர்த்த வேண்டும். உயர்த்தும்வரை அவர் அடுத்த பந்துக்கு விடமாட்டார்.

அப்படியானால் நான் கையைத் தூக்கியிருக்கிறேன். பார்க்காமலே. அந்த ரன்னை நான்தான் ஓடிக்கொண்டிருந்தேனே.

ஒருவேளை அவள் தப்பாக எழுதியிருந்தால்?

மார்ச் 12, செவ்வாய்

பஸ் ஏறிப் போனேன். அவள் வீட்டில் மருந்துக் கடை. கல்லாவுக்குப் பின்னால் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை எடுத்து விரித்தாள். ஐந்து புள்ளி, லெக் பைக்கு அடையாளமாக ஒரு சின்ன முக்கோணம், எல்லாம் கோத்த 'எம்'. லெக் பை நான்கு. எக்ஸ்ட்ராஸ் 18.

"எங்க மாமா போட்ட ஓவர் அது. பஸ்ல கண்டக்டரா இருக்காரு. வருஷம் பூரா ஒரு மெய்டன்கூட இல்ல. இப்ப டிக்கெட் குடுக்கறப்பெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. ஏன், உன்கிட்ட எப்படி இருக்கு?"

"சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு இருமல் மருந்து கேட்டு யாரோ வந்தார்கள்.

வரும்போது அதே மாமா பஸ். எனக்கும் சொன்னார்.

மார்ச் 13, புதன்

இன்னும் சொல்லவில்லை. அண்ணன் மரவாடி முதலாளியிடம் தேர்வுக்காக லீவு கேட்டுவிட்டானாம்.

மார்ச் 14, வியாழன்

சொல்லிவிட்டேன். சலூனில் வைத்து. கேப்டன்தான் சலூன்காரர். அண்ணனுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். நேரம் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

கத்திரி நின்றது. "சரிடா, மொத்தம் மாறுதா?" என்றார் கேப்டன்.

"இல்ல."

"ஜெயிச்சது தோத்தது மாறுதா?"

"இல்ல."

"அப்புறம் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு ரன்னு இந்தக் கட்டத்துல இருந்தா என்ன, அந்தக் கட்டத்துல இருந்தா என்ன? மூடி வைடா."

கண்டக்டர் மாமாவின் மெய்டன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே பேசினான். "போர்டுல அம்பதுன்னு போட்டது யாரு?"

"நான்."

"அத நம்பித்தான்டா அடுத்த பந்தத் தூக்கி அடிச்சேன். நாப்பத்தொம்பதுன்னு தெரிஞ்சிருந்தா தட்டிட்டு ஒண்ணு ஓடியிருப்பேன்ல. அன்னிக்கும் நீதான் கெடுத்தே, இன்னிக்கும் நீதான் கெடுக்கறே." கழுத்தில் கட்டியிருந்த துணியை உருவி எறிந்தான். "உன்னால ஆட முடியலேன்னா நானும் ஆடக்கூடாதா?"

பாதி வெட்டின தலையோடு போய்விட்டான்.

அப்படியா? எனக்குப் பொறாமையா? எழுதும்போதாவது உண்மையைச் சொல்லணும். உண்டு. அவன் மட்டையத் தூக்கிக் காட்டினப்ப சந்தோஷத்துக்கு நடுவுல சுருக்குன்னு ஒண்ணு குத்திச்சு. ஆனா அதுக்காக இதச் செய்யல. செய்யலதானே? எனக்கே சரியாத் தெரியல. அந்தப் புத்தகம் ஒண்ணுதான் நான் ஆடற இடம். அதுல நடக்காத ஒண்ணு இருந்தா நான் எங்க போய் ஆடுவேன்?

மார்ச் 15, வெள்ளி

அழி ரப்பர் போடக்கூடாது. பழையது படிக்கும்படியாக ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அண்ணன் பெயருக்கு நேரே இருந்த 1-ஐ அடித்தேன். 50-ஐ அடித்து 49. வீச்சாளர் கட்டத்தில் 1-ஐ அடித்து முக்கோணம், மேலே 'எம்'. லெக் பை 4, எக்ஸ்ட்ராஸ் 18, மட்டையாளர்கள் 120, வீச்சாளர்கள் 130. கூட்டினேன். 138. எம் கோணலாக வந்தது.

அம்பயராக நின்ற தபால்காரர் கையெழுத்துப் போட்டார். "நான் முழங்காலத் தட்டுனேன், நீயும் கையத் தூக்குன தம்பி. அப்புறம் எப்படி?" என்று மட்டும் கேட்டார். கனவு கண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பச்சைப் பேனாவும் வந்து கையெழுத்திட்டாள்.

டவுன் கிளப்புக்கு அனுப்ப இனி எங்கள் ஊரிலிருந்து ஒரு பெயரும் இல்லை.

வீட்டில் சொன்னேன். அம்மா மெஷினை நிறுத்தினாள், சிரிக்கவில்லை. "அவனுக்கு நீயே சோறு போட்டுக் குடு" என்றாள். தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அண்ணன் சாப்பிட்டான். என் பக்கம் திரும்பவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

ஆட்டம் இல்லை. அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். ஒரே அறை, இரண்டு கட்டில், பத்து நாளாகப் பேச்சு இல்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

"சைக்கிள் சாவி எங்க?" என்று கேட்டான். ஆணியில் மாட்டியிருப்பதாகச் சொன்னேன். ஒரு வாக்கியம்தான். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

புத்தகத்தை விரிக்காமல் மூன்று மாதம் ஆகிறது. விரித்தால் நேரே பதினான்காவது ஓவரில்தான் போய் நிற்கிறேன். கேப்டனிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். "பாக்கறேன்" என்றார். பார்த்த மாதிரி தெரியவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

புது லீக், முதல் ஆட்டம். வேறு ஆள் கிடைக்கவில்லையாம். காலையில் அண்ணன் கிளம்பும்போது ஸ்கோர் புத்தகத்தை என் கட்டிலில் போட்டுவிட்டுப் போனான். அதனால் போனேன்.

இன்று நான் ஓடவில்லை. மேசையிலேயே இருந்தேன். ஒவ்வொரு பந்துக்கும் அம்பயர் கையைப் பார்த்துவிட்டுத்தான் குனிந்தேன். கொஞ்சம் வறட்சியாகத்தான் இருந்தது.

அண்ணன் 34-இல் இருந்தபோது ஒரு பந்து காலில் உரசி பின்பக்கம் போனது. ஒரு ரன் ஓடினார்கள். புது அம்பயர், சைகை காட்டவில்லை. போர்டுப் பையன் 35 மாட்டிவிட்டான். நான் பென்சிலைத் தூக்கியபடி குழம்பிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஆட்டத்தை நிறுத்தினான். அம்பயரிடம் போய் ஏதோ சொன்னான். அவர் தலையாட்டிவிட்டு, எங்கள் மேசையைப் பார்த்து முழங்காலைத் தூக்கித் தட்டினார். அண்ணனும் அவர் பக்கத்திலேயே நின்று என்னைப் பார்த்தான். காலில் கட்டியிருந்த பேடைத் தட்டினான், ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை, நான் பார்க்கும்வரை.

கையை உயர்த்தினேன். அவன் கிரீஸுக்குத் திரும்பிப் போனான்.

34-ஐயே விட்டு வைத்தேன். முக்கோணம் போட்டேன்.