சொந்தச் சோப்போடு வந்த உன் மகள்

இன்று டீ நேரத்தில் கம்பெனிக்கு எதிரே இருக்கிற பெட்டிக்கடையில் கமர்கட் வாங்கினேன். கண்ணாடி பாட்டிலின் மூடியைத் திறந்ததும் வெல்லமும் தேங்காயும் கலந்த அந்த வாசனை வந்தது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்கம்மிணி, ரொம்ப வருசமா இந்தப் பாட்டில் பக்கமே வரலீங்களே?" என்றார். நீ போன பிறகு நான் அதைத் தொடவில்லை. இன்று ஏன் தொட்டேன் என்பதை உன்னிடம்தான் சொல்ல முடியும். வேறு யாரிடம் சொன்னாலும் ஒரு கமர்கட்டுக்கு இவ்வளவு கதையா என்பார்கள்.

நெருப்பெரிச்சல் ஊரில், இதே பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையின் இரண்டு பக்கமும் நாம் நின்ற காலம் நினைவிருக்கிறதா? பனியனை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த புதிது. எல்லோரும் என்னை வாங்க, போங்க என்று கூப்பிடுவதைக் கேட்டு, என்னை யாரோ பெரிய ஆள் என்று நினைத்துவிட்டார்கள் என மிதப்பில் திரிந்தேன். "அட அம்மிணி, நாங்க நாய்க்குட்டியக்கூட வாங்கன்னுதான் கூப்புடுவோம்" என்று நீ மேசையில் கையூன்றிச் சிரித்தாய். மிதப்பு அன்றோடு போயிற்று.

டீ நேரத்தில் நான் இரண்டு கமர்கட் வாங்கி ஒன்றை உனக்குத் தருவேன். அடுத்த நிமிடம் உன் கை காலியாக இருக்கும். "என்ன புள்ள, கடிச்சு முழுங்கிட்டியா? பல்லா அது, பாறாங்கல்லா?" என்பேன். "வாயில போட்டதும் கரைஞ்சு போகுதுங்க, நான் என்ன பண்ணட்டும்" என்பாய். நான் எதையாவது மனதில் வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தால், "சொல்லித் தொலைங்க அம்மிணி. உள்ளயே வெச்சிருந்தா ஊசிப் போயிரும்" என்பாய். இந்தப் பேச்சை நான் கேட்டிருக்கலாம்.

காய்ச்சல் என்று லீவு போட்டாய். பிறகு ரத்தத்தில் ஏதோ கோளாறு என்றார்கள். பிறகு நீ இல்லை. சில வருடம் கழித்து உன் வீட்டுக்காரரின் அக்கா வந்து என்னை அவருக்குப் பெண் கேட்டபோது, உன் முகம்தான் முதலில் வந்தது. ஆனாலும் சம்மதித்தேன். உன் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது.

அவள் எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. நான் வந்த முதல் நாளே, "தண்ணி மோந்து வெச்சிருக்கேனுங்க" என்றாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, எதுவும் கேட்டதில்லை. எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று நான் பூரித்துப் போனேன். இந்த ஊர் வழக்கம்தான் நாய்க்குட்டிவரைக்கும் எனக்குத் தெரியுமே. அந்த மரியாதைக்குப் பின்னால் அவள் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறாள் என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை. அப்பாவோடு அவள் சண்டை போடுவாள், ஒருமையில்கூடத் திட்டுவாள். என்னிடம் மட்டும் சண்டையே கிடையாது. அதைப் பார்த்தாவது புரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பொங்கலுக்குக் கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து வந்தாள். கிளம்புகிற அன்று போர்வையை மடித்து வைத்தாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். குளியலறையிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட ஒரு சோப்பு டப்பாவை எடுத்து வந்து பைக்குள் வைத்தாள். அவள் சோப்பு. ஹாஸ்டலிலிருந்து கொண்டு வந்து, குளித்து, திரும்ப எடுத்துப் போகிறாள். "ரொம்ப நன்றிங்க, போயிட்டு வர்றேனுங்க" என்றாள். தன் வீட்டுக்கே விருந்தாளியாக வந்து போகிறாள் உன் மகள். பஸ் ஏற்றிவிட்டு வந்து அழுதேன்.

அவளுக்கு எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். "நான் சொல்றேன், கேட்டுக்குவா" என்றார் உன் வீட்டுக்காரர். "நீங்க சொன்னா கேட்டுக்கிடுவா. அதனாலதான் வேண்டாங்கேன்" என்றேன். அப்பா சொல்லி வருகிற பாசம் உத்தரவு மாதிரிதானே இருக்கும்?

முதலில் 'உன்னை என் மகளாகத்தான் நினைக்கிறேன்' என்று போனில் அடித்தேன். படித்துப் பார்த்தால், பதிலுக்கு நீயும் என்னை அம்மா என்று சொல் என்று கை நீட்டுகிற மாதிரி இருந்தது. அழித்தேன். அடுத்து, அவளுக்கு அம்மை போட்டபோது பக்கத்திலேயே கிடந்தது, விடிய எழுந்து டிபன் கட்டியது என்று எழுதிக்கொண்டே போனேன். கணக்குக் காட்டுவதுபோல் ஆகிவிட்டது. அதுவும் போயிற்று. பேசியே அனுப்பலாம் என்று பதிவு செய்தால் பாதியில் அழுதுவிட்டேன். என் அழுகையைக் கேட்டால் அந்தப் பிள்ளை என்னைத் தேற்ற வேண்டிவரும். அவளிடமே ஆறுதல் வாங்குவதா?

எழுத வேண்டியது எது என்று அப்புறம்தான் புரிந்தது. அது நீ. இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் உன் பேச்சை நான் எடுத்ததே இல்லை. அவளுக்கு வலிக்கும் என்று நினைத்தேன். எனக்கும் பயம், உன் இடத்தில் நிற்கிறவள் உன் பெயரைச் சொன்னால் என்ன நினைப்பாளோ என்று. உன் படத்தைக்கூட அவள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் துடைப்பேன். அவள் கண்ணுக்கு, அம்மாவின் படத்தை ஏறெடுத்தும் பார்க்காத ஒருத்தியாகத்தானே நான் இருந்திருப்பேன்?

அவளுடைய பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அனுப்பினேன்:

"கண்ணு, உங்க அம்மாவும் நானும் ஒரே மேசையில வேலை பார்த்த சிநேகிதிங்க. அவளைப் பத்தி உங்கிட்ட நான் பேசாம இருந்தது தப்பு. உனக்கு வலிக்கும்னு நெனச்சேன். மறந்துட்டேன்னு நெனச்சிராத. அவ இடம் அவளோடதுதான், அதை நான் கேக்கல. என்னை நீ எப்படிக் கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாட்டியும் சரி. அவளைப் பத்தி எப்பக் கேட்டாலும் தெரிஞ்சதைச் சொல்லுவேன். இதுக்குப் பதில் போடணும்னு இல்ல. ஒண்ணு மட்டும், வீட்டுக்கு வரும்போது சோப்பு கொண்டு வராத. இது உன் வீடு."

படித்துவிட்டாள் என்று நீலக்குறி காட்டியது. சாயங்காலம் பதில் வந்தது: "சரிங்க. நன்றிங்க." அவ்வளவுதான். பதில் வேண்டாம் என்று நானே எழுதிவிட்டு, ராத்திரி வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு வரி எழுதக் கை துறுதுறுத்தது. எழுதவில்லை. வாரங்கள் போயின.

நேற்று அவளாகவே கேட்டிருந்தாள்: "அம்மா வேலை விட்டு வர்றப்ப டெய்லி ஒரு கமர்கட் கொண்டாருவாங்க. முந்தானையில முடிஞ்சு வெச்சிருப்பாங்க. அது எந்தக் கடைன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

செக்கிங் மேசையில் அப்படியே நின்றுவிட்டேன். அடிப்பாவி, ஒன்றைக்கூட நீ தின்னவில்லையா! இது தெரியாமல், உன் பல்லைக் கேலி செய்துகொண்டு எதிரே நின்றிருக்கிறேன். அவள் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே என் கையால் வாங்கியது அவள் வாய்க்குப் போயிருக்கிறது. இத்தனை வருடம் அவளிடம் ஒரு வார்த்தை உன்னைப் பற்றிப் பேசியிருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். ஒரே வீட்டில் இரண்டு பேரும் உன்னைத் தனித்தனியாக நினைத்துக்கொண்டு கிடந்தோம்.

வாங்கியது நான் என்று அவளிடம் சொல்லவில்லை. அது அவளுக்கு அம்மா கொண்டு வந்தது, அப்படியே இருக்கட்டும். "கம்பெனிக்கு எதிர்க்கடை கண்ணு. இன்னும் இருக்கு. வா, கூட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் எழுதினேன்.

"சனிக்கிழமை வர்றேனுங்க" என்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "சோப்பு எடுத்துட்டு வரலீங்க."

அந்தப் பழைய பழக்கத்தில் இன்றும் இரண்டு வாங்கிவிட்டேன். எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று. இரண்டும் என் முந்தானையில்தான் முடிந்திருக்கின்றன. உன் பங்கு எப்படியும் அவளுக்குத்தானே போகும்.